தீபாவளிச் சரக்கும் ஏப்ரல் மாத பாலிசியும்

பொள்ளாச்சிக் கடைவீதி ஜவுளிக்கடைகளுக்கு ஆவணி பிறந்ததும் சரக்கு வரத் தொடங்கிவிடும். சூரத்துச் சேலை, ஈரோட்டு வேட்டி, திருப்பூர் பனியன் எல்லாம் தீபாவளிக்கு முன்பே வந்து மாடிவரைக்கும் அடுக்கப்படும். கடையின் தீ விபத்து பாலிசியோ பெரும்பாலும் ஏப்ரலில் எடுத்தது. அன்றைக்கு இருந்த சரக்கின் மதிப்புதான் அதில் எழுதியிருக்கும்.

இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதை ஒரு கணக்கில் பார்ப்போம். பாலிசியில் சரக்குக்கு 60 லட்சம் எழுதியிருக்கிறது. பண்டிகைக்காக இருப்பு 1 கோடியாக ஏறியிருக்கும்போது மின்கசிவில் தீப்பிடித்து 30 லட்சம் ரூபாய்த் துணி எரிகிறது. நட்டம் 60 லட்சத்துக்குள்தானே, முழுதாக வந்துவிடும் என்று கடைக்காரர் நினைப்பார். வராது. 1 கோடி சரக்கில் 60 லட்சத்துக்கு மட்டுமே காப்பீடு செய்திருப்பதால், மீதி 40 சதவீதத்துக்கு அவரே பொறுப்பு என்று கம்பெனி கொள்ளும். 30 லட்சத்தில் 60 சதவீதம், அதாவது 18 லட்சம்தான் கணக்கில் வரும். அதிலும் பாலிசிப்படியான கழிவு போகும். 12 லட்சம் கடைக்காரர் தலையில்.

2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசி, ஒரே இடத்தில் மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி வரை உள்ள சிறு தொழில்களுக்கானது. அதில் 15 சதவீதம் வரையான குறைவைக் கண்டுகொள்வதில்லை. 40 சதவீதக் குறைவுக்கு அந்தச் சலுகை கைகொடுக்காது.

இதற்குப் பரிகாரம் பாலிசி ஓடிக்கொண்டிருக்கும்போதே தொகையைக் கூட்டிக்கொள்வது. கூட்டியதைப் பாலிசியோடு சேர்த்து எழுதித் தரும் தாளுக்கு எண்டார்ஸ்மென்ட் என்று பெயர். செலவு பலரும் பயப்படுகிற அளவுக்கு இல்லை, ஏனென்றால் கூட்டிய தொகைக்கு, அதுவும் மிச்சமிருக்கும் நாட்களுக்கு மட்டும்தான் பிரீமியம். ஆயிரத்துக்கு 2 ரூபாய் என்று ஒரு வீதத்தை வைத்துக்கொண்டால் 40 லட்சத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 8,000 ரூபாய். செப்டம்பர் 15-லிருந்து மார்ச் 31 வரை 198 நாள். அதற்குச் சுமார் 4,340 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறக்குறைய 5,120. பட்டாசு, ரசாயனம் மாதிரிச் சரக்குக்கு வீதம் வேறு.

கேட்பதற்கு ஒரு பக்கக் கடிதம் அல்லது மின்னஞ்சல் போதும். பாலிசி எண், சரக்கு இருக்கும் முகவரி, இப்போதைய தொகை, வேண்டிய தொகை, எந்தத் தேதியிலிருந்து என்பதை எழுதி, சமீபத்திய இருப்புப் பட்டியலையும் கொள்முதல் பில்களையும் இணைத்துவிடுங்கள். மதிப்பை வாங்கிய விலையில் போட வேண்டும், விற்கிற விலையில் அல்ல. லாபத்தையும் சேர்த்து எழுதினால் பிரீமியம் கூடுமே தவிர, இழப்பீட்டில் அது வராது. இன்றைய இருப்பை மட்டும் எழுதுவதும் தவறு. பண்டிகைக்கு முன் எந்த வாரத்தில் சரக்கு உச்சத்தில் இருக்குமோ அந்த மதிப்பை எழுதுங்கள்.

கடிதம் கொடுத்ததாலேயே தொகை ஏறிவிடாது. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவுப்படி, பிரீமியம் முன்கூட்டியே கைக்கு வராமல் கம்பெனி பொறுப்பேற்க முடியாது. “ஏஜென்ட் தம்பிகிட்டச் சொல்லிட்டனுங்க” என்பது சர்வேயர் முன் செல்லாது.

சர்வேயர் வந்தால் கொள்முதல் பில், ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கிற சரக்கு அறிக்கை மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கடன் வரம்புக்காக வங்கியில் 1 கோடி காட்டிவிட்டுப் பாலிசியில் 60 லட்சம் வைத்திருந்தால், உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். வங்கியே பாலிசி எடுத்துக் கொடுத்திருந்தாலும் கவனம் தேவை. அது கடன் தொகைக்கு எடுத்ததா, சரக்கின் மதிப்புக்கு எடுத்ததா என்று பாருங்கள்.

நம்ம ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு. கடையில் இடம் போதாமல் பக்கத்து வீதியில் இரண்டு மாதத்துக்கு ஒரு குடோன் பிடிப்பார்கள். அந்த முகவரி பாலிசியில் இல்லையென்றால் தொகையைக் கூட்டியும் அங்கிருக்கும் மூட்டைகளுக்குக் காப்பு இருக்காது. இரண்டு இடத்துக்கும் பொதுவாகத் தொகை ஓட வேண்டுமானால் ‘ஃப்ளோட்டர்’ என்று கேட்டு வாங்க வேண்டும். திருட்டுக்குத் தனிப் பாலிசி வைத்திருப்பவர்கள் அதிலும் தனியாகக் கூட்டியாக வேண்டும். தீ பாலிசியில் கூட்டியது அங்கே தானாகப் போய்ச் சேராது.

தீபாவளி முடிந்ததும் தொகையைக் குறைத்துப் பணத்தைத் திரும்ப வாங்கலாமா என்று கேட்பார்கள். கூட்டும்போது நாள் கணக்கு. குறைக்கும்போது பெரும்பாலும் கம்பெனிக்குச் சாதகமான குறுகியகால வீதத்தில்தான் திருப்புவார்கள். அடுத்தாற்போல் பொங்கல் சரக்கும் வந்துவிடும் என்பதால், மார்ச் வரை அப்படியே விட்டுவிடுவதுதான் என் கணக்கில் சரி.

எண்டார்ஸ்மென்ட் கைக்கு வந்ததும் தேதி, முகவரி, மொத்தத் தொகை மூன்றையும் பாலிசியோடு வைத்துச் சரிபாருங்கள். அதன் பிறகு சூரத்துக்கு ஆர்டர் போடுங்கள்.