பல்லும் பள்ளமும்

திருகு, ஆணி, வாஷர் போட்டு வைக்க ஒரு சின்னப் பெட்டி வேண்டியிருந்தது. நீளம் 120, அகலம் 72, உயரம் 56 மில்லிமீட்டர், மூடி கிடையாது. 3 மி.மீ. பிளைவுட்டில் ஐந்து துண்டுகள். ஒவ்வொரு விளிம்பிலும் சீப்பு மாதிரி பல்லும் பள்ளமும் வைத்து, ஒரு துண்டின் பல் அடுத்த துண்டின் பள்ளத்தில் போய் உட்காரும்படி கம்ப்யூட்டரில் வரைந்தேன். பெயர்ப்பலகை செய்யும் கடையில் லேசர் மெஷின் இருக்கிறது. கோப்பைக் கொடுத்தேன், சில நிமிடங்களில் துண்டுகள் வந்துவிட்டன.

கோத்துப் பார்த்தேன், அழகாகச் சேர்ந்தது. கையில் தூக்கினேன், சேர்ந்த வேகத்திலேயே பிரிந்து விழுந்தது.

"என்னண்ணே, இப்படி ஆடுது?"

"நீங்க வரைஞ்சத அப்படியே வெட்டியிருக்கேன் சார். ஒரு கோடுகூட மாத்தல."

அவர் சொன்னது உண்மை. கோட்டின் மேல் அப்படியே வெட்டியதால்தான் ஆடியது.

கம்ப்யூட்டர் திரையில் கோட்டுக்கு அகலம் கிடையாது. லேசர் கதிருக்கு உண்டு. அது போகிற வழியில் மரத்தை எரித்துப் புகையாக்கிவிடுகிறது. ரம்பம் மரத்தூளாகத் தின்பதைப் போல, லேசரும் கொஞ்சம் தின்கிறது. இப்படித் தின்னும் அகலத்துக்கு கெர்ஃப் என்று பெயர். கோட்டின் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக அது போகும். பல்லுக்கு இடமும் வலமும் இரண்டு வெட்டு. ஆக, ஒரு முழு கெர்ஃப் அளவுக்குப் பல் மெலிகிறது. பள்ளத்தின் இரு சுவரும் அதேபோல் விலகுவதால் பள்ளம் ஒரு கெர்ஃப் அகலமாகிறது. பல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே மிஞ்சுவது இரண்டு கெர்ஃப்.

அது எவ்வளவு என்று தெரிய மைக்ரோஸ்கோப் எல்லாம் வேண்டாம். அதே பலகையின் ஓரத்தில் 100 மி.மீ. நீளச் செவ்வகம் ஒன்றை வரைந்து, உள்ளே ஒன்பது கோடு போட்டு, பத்து சம துண்டாக வெட்டச் சொன்னேன். பத்தையும் இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்து வெர்னியரால் அளந்தால் 98.2 மி.மீ. பத்துத் துண்டும் சேர்ந்து 1.8 இழந்திருக்கின்றன, ஒன்றுக்கு 0.18. ஒரே வெட்டின் அகலத்தை நேராக அளக்கப் போனால் கை நடுக்கமே அவ்வளவு இருக்கும். பத்தாகப் பெருக்கி அளந்து பத்தால் வகுக்கும்போது அந்தப் பிழை கரைந்துவிடுகிறது.

என் பெட்டியில் பல் ஒன்று 8 மி.மீ. என்று வரைந்திருந்தேன். 120-ல் 15, 72-ல் 9, 56-ல் 7 என்று எல்லாம் ஒற்றைப்படையாக வரும். ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு துண்டு இரு முனையிலும் பல்லோடு தொடங்கி முடியும். அதன் ஜோடி இரு முனையிலும் பள்ளத்தோடு இருக்கும். மூலையில் சண்டை வராது. சரி, வெட்டிய பிறகு என்ன ஆனது? பல் 7.82, பள்ளம் 8.18. இடைவெளி 0.36 மி.மீ. நான்கைந்து தாள் நுழையும் சந்து அது. பிரிந்து விழாமல் என்ன செய்யும்?

இதற்குத் தீர்வு, வெட்டும் கோட்டைத் துண்டின் எல்லையிலிருந்து வெளிப்பக்கமாக நகர்த்துவது. பல் 8.18 ஆகவும் பள்ளம் 7.82 ஆகவும் வரையப்படும். லேசர் தன் பங்கைத் தின்றதும் இரண்டும் 8 ஆகிவிடும். பல்லின் நடுப்புள்ளி இடம் மாறாது என்பதால், பதினைந்து பல் இருந்தாலும் கடைசிப் பல் தன் பள்ளத்துக்கு நேராகவே நிற்கும். பல்லை மட்டும் தடிமனாக்கிப் பள்ளத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பாதி ஆட்டம் அப்படியே இருக்கும்.

நானும் புத்திசாலி மாதிரி கடைக்காரரிடம் "0.18 போடுங்கண்ணே" என்றேன். LightBurn மென்பொருளில் `Kerf Offset` என்ற கட்டத்தில் அவர் அதைப் போட்டார். இந்த முறை பல் உள்ளேயே போகவில்லை. மரச்சுத்தியலால் தட்டினேன்; பிளைவுட்டின் அடுக்கு பிளந்துகொண்டது. அந்தக் கட்டம் கேட்பது கோடு ஒரு பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பதை, அதாவது கெர்ஃபில் பாதியை. நான் போட வேண்டியது 0.09. இரட்டிப்பாகப் போட்டதால் பல் 8.18, பள்ளம் 7.82 என்று வெட்டுப்பட்டது. முதல் பெட்டி 0.36 லூஸ், இரண்டாவது 0.36 டைட்! பெட்டி வரைந்து தரும் இலவச நிரலான Boxes.py-யில் `burn` என்று கேட்பதும் இந்தப் பாதி அளவைத்தான். வரைபடத்திலேயே திருத்திவிட்டால் மெஷின் பக்கம் பூஜ்யம் இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் திருத்தினால் என் கதைதான்.

முதல் பெட்டியில் இன்னொரு கோளாறும் இருந்தது. மேசையில் வைத்தபோது அடிப்பலகை தரையைத் தொடவில்லை. பெட்டி பல்லின் நுனியில் நின்றது. கடையில் 3 மி.மீ. என்று விற்ற பலகையை அளந்தால் 2.8. நான் பல்லின் நீளத்தை 3 என்று வரைந்திருந்தேன். சுவர்ப் பல், அடிப்பலகையைத் தாண்டி 0.2 மி.மீ. வெளியே எட்டிப் பார்த்தது. பலகை 3.2 ஆக இருந்திருந்தால் பல் உள்ளே அமுங்கி விளிம்பில் குழி தெரிந்திருக்கும்.

இந்த இரண்டு திருத்தத்தையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பல்லின் அகலம் கெர்ஃபின் கணக்கு. பல்லின் நீளம் பலகைத் தடிமனின் கணக்கு. பல்லின் நுனியும் பள்ளத்தின் அடியும் ஒரே திசையில்தான் தேய்கின்றன. அதனால் கெர்ஃப் எவ்வளவு இருந்தாலும் பல்லின் நீளம் மாறுவதில்லை. ஆடினால் கெர்ஃபைப் பாருங்கள், துருத்தினால் தடிமனைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து வருவது, பெட்டிக்குள் தடுப்புப் பலகை செருகும் காடியில்தான். அங்கே காடியின் அகலமே பலகையின் தடிமன். 2.8-ல் 0.18 போக 2.62 என்று வரைய வேண்டும்.

0.18 என்பது எல்லோருக்கும் பொருந்தும் எண் இல்லை. லென்ஸில் புகை படிந்தால், குவியம் சற்று விலகினால், வேகத்தைக் குறைத்தால் கெர்ஃப் கூடும். கதிர் குவிந்து விரிவதால் மேல் பக்க அகலமும் அடிப் பக்க அகலமும்கூட ஒன்றாக இருக்காது. அதனால் முழுப் பெட்டிக்கு முன் மூன்று பல் உள்ள சோதனைத் துண்டுகளை 0.07, 0.09, 0.11 என்று மூன்று திருத்தத்தில் வெட்டிப் பார்ப்பது நல்லது. கட்டைவிரலால் அழுத்தினால் இறங்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. மரம் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும் என்பதால் எனக்கு 0.10 சரியாக வந்தது. அக்ரிலிக் அப்படிக் கொடுக்காது. இறுக்கினால் பள்ளத்தின் மூலையிலிருந்து விரிசல் ஓடும். அதற்கு நூலளவு இடம் விட்டு, ஒட்டுவதே வழி.

மூன்றாவது பெட்டி பசை இல்லாமலே நிற்கிறது. அடுத்த மாதம் இன்னொன்று செய்யப் போனேன். அதே கடை, அதே "3 மி.மீ." பிளைவுட். வெர்னியர் 3.1 காட்டியது.