பங்குக் கணக்கில் தொலையும் சதம்

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் பலநாள் படகு ஒன்று வந்து மீனை விற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விற்ற காசு 187,430 ரூபாய் 50 சதம். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் சேர்த்துச் செலவு 96,218 ரூபாய் 25 சதம். மிச்சம் 91,212 ரூபாய் 25 சதம். அதில் பாதி சம்மாட்டிக்கு, மறுபாதி கடலுக்குப் போன ஐந்து பேருக்கு. படகுக்குப் படகு இந்தப் பேச்சு மாறும். நமக்கு இது போதும்.

இதைக் கொப்பியில் போடுகிறவர் மிச்சச் சதத்தைப் பற்றி யோசிப்பதில்லை. கையில் கொடுக்கும்போது சதத்தை யார் எண்ணுகிறார்கள்? ஆனால் அதே கணக்கைப் பைதனில் பத்து வரி எழுதி, பங்குகளை வங்கிக்கு அனுப்பும் பட்டியலாக்கினால் சதம் திரும்ப உயிர்பெற்றுவிடும். மேலே உள்ள தொகையும் கீழே உள்ள கூட்டுத்தொகையும் ஒத்துவராவிட்டால் பட்டியல் திரும்பிவரும்.

இங்கே பலரும் முதலில் பழிபோடுவது தசமத்தின் மேல். அந்தப் பழியில் பாதி நியாயம். பைதனில் இரண்டு வரி அடித்துப் பாருங்கள்:

```python
>>> 0.1 + 0.2
0.30000000000000004
>>> int(1275.35 * 100)
127534
```

இரண்டாவது வரிதான் பயங்கரம். முதலாவதில் வால் நீண்டு தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டாவதில் 1,275 ரூபாய் 35 சத பில்லைச் சதமாக்கப் போய், ஒரு சதம் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. பெருக்கல் தந்த விடை 127534.99999999999, int அதன் தசமத்தை வெட்டி எறிந்தது.

காரணம் நம் பழைய பின்னக் கணக்குத் தெரிந்தவர்களுக்குச் சுலபமாகப் பிடிபடும். அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாம் ஒன்றை இரண்டு இரண்டாகப் பிளந்து வருபவை. வீசம் பதினாறில் ஒன்று. மா அப்படியல்ல, இருபதில் ஒன்று. அதற்குள் ஓர் ஐந்து ஒளிந்திருக்கிறது. கணினி இரண்டின் அடுக்குகளால் மட்டும் எண்ணுகிறது. ஆகவே வீசம் வரைக்கும், அதற்குக் கீழும், பாதி பாதியாகப் பிளந்த எதுவும் அதற்குள் சுத்தமாக அடங்கும். மா அடங்காது. பத்திலொன்றும் அடங்காது; அதை இருமத்தில் எழுதினால் 0.000110011001100… என்று முடிவில்லாமல் ஓடும். மூன்றிலொன்றை நாம் 0.333 என்று எழுதி ஓர் இடத்தில் நிறுத்துவதில்லையா? கணினியும் நிறுத்துகிறது, 53 இருமத் தானங்களில். 1985இல் வந்த IEEE 754 தரத்தின்படி நிறுத்திச் சரிக்கட்டிய பிறகு, உள்ளே இருக்கும் 0.1 உண்மையில் 0.1000000000000000055… என்ற எண். திரை அதைச் சுருக்கி 0.1 என்று காட்டுவதால் நமக்குத் தெரிவதில்லை.

ஒரு சதம் என்பது நூறிலொன்று. ஆகவே 0.00, 0.25, 0.50, 0.75 ஆகிய நான்கைத் தவிர மற்ற 96 சதத் தொகைகளும் கணினிக்குள் கிட்டத்தட்டத்தான் இருக்கின்றன.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பத்து 0.1 கொண்ட பட்டியலை sum() கொண்டு கூட்டினால், பைதன் 3.11இல் 0.9999999999999999 வரும், 3.12இல் 1.0 வரும். கூட்டும்போது சிந்துகிற துளியைத் தனியே பிடித்துவைத்துக் கடைசியில் சேர்க்கும் முறையை 3.12இல் புகுத்தினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் ஒரே நிரல் மீனவர் சங்கத்தின் பழைய கணினியில் ஒன்றும் வீட்டு மடிக்கணினியில் வேறொன்றும் சொன்னால், பிழையைத் தேடுகிறவர் பாடு திண்டாட்டம்.

இனிப் படகுக்கு வருவோம். நம் கணக்கில் இருப்பவை 50 சதமும் 25 சதமும், அதாவது அரையும் காலும். இரண்டும் கணினிக்குள் துல்லியமாக நிற்கும். இந்தப் பங்குக் கணக்கில் தசமம் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் காசு பிழைக்கும்.

91,212.25 இல் பாதி 45,606.125. அரைச் சதத்தை யாருக்கும் கொடுக்க முடியாது. இரு பக்கமும் மேலே உயர்த்தி 45,606.13 என்று போட்டால், இல்லாத ஒரு சதத்தைப் பங்கிட்டுவிட்டீர்கள். பைதனின் round() வேறு மாதிரி; சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் சாய்க்கும். அது இரு பக்கமும் 45,606.12 தரும், ஒரு சதம் காணாமல் போகும். பிறகு 45,606.12ஐ ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 9,121.224, அதை 9,121.22 ஆக்கினால் இன்னும் இரண்டு சதம் போயிற்று. எத்தனை துல்லியமான எண்முறை வைத்தாலும் இது தீராது. ஏனென்றால் இது வகுத்தலின் மீதி.

சிறு மீதிதானே என்று விட்டால் என்னவாகும் என்பதற்கு வான்கூவர் பங்குச் சந்தை சாட்சி. 1982 ஜனவரியில் 1,000இல் தொடங்கிய அதன் குறியீட்டை, ஒவ்வொரு பரிவர்த்தனைக்குப் பிறகும் மூன்றாம் தசமத்தோடு வெட்டிக்கொண்டே வந்தார்கள். 1983 நவம்பரில் அது 520 அளவுக்கு இறங்கியிருந்தது. திருத்திக் கணித்தபோது கிடைத்தது 1,098க்கு மேல்.

பங்குக் கணக்குக்கு என் தேர்வு முழுச் சதம். தொகையைச் சதமாக, முழு எண்ணாக வைத்துக்கொண்டு, மீதியை ஆளுக்கு ஒரு சதமாகக் கொடுத்து முடிப்பது:

```python
def pangu(satham, per):
    adi, micham = divmod(satham, per)
    return [adi + 1] * micham + [adi] * (per - micham)

pangu(9121225, 2)  # [4560613, 4560612]
pangu(4560612, 5)  # [912123, 912123, 912122, 912122, 912122]
```

முதல் இருவருக்கு 9,121.23, மற்ற மூவருக்கு 9,121.22. கூட்டினால் 45,606.12, ஒரு சதமும் பிசகாது. மீதிச் சதம் பட்டியலில் முதலில் நிற்பவருக்கே எப்போதும் போகும் என்பதால், பெயர் வரிசையைப் பயணத்துக்குப் பயணம் சுழற்றிவிடுவது நல்லது. செலவு வரவை மிஞ்சி நட்டமாகி, தொகை கழித்தல் குறியோடு வந்தாலும் பைதனில் இது சரியாகப் பிரியும். ஜாவாஸ்கிரிப்டில் % தரும் மீதியும் கழித்தலாக வரும். இதே வரிகளை அங்கே அப்படியே பெயர்த்தால் தப்பாகும்.

வீதம் வரும் இடத்தில் மட்டும் Decimal வசதி. இலங்கையில் 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். அந்த 1,275.35 ரூபாய் பில் இயந்திர உதிரிப்பாகக் கடையுடையது என்றால்:

```python
from decimal import Decimal, ROUND_HALF_UP
v = Decimal("1275.35") * Decimal("0.18")
v.quantize(Decimal("0.01"), rounding=ROUND_HALF_UP)  # 229.56
```

மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள். Decimal(1275.35) என்று எழுதினால், ஏற்கெனவே பழுதான எண்ணைத்தான் அது அச்சொட்டாக நகலெடுக்கும். சரிக்கட்டும் வழியையும் வெளிப்படையாக எழுதுங்கள். சொல்லாவிட்டால் இதுவும் இரட்டைப்படைப் பக்கமே சாயும். பில்லின் ஒவ்வொரு வரிக்கும் வரி கணித்துக் கூட்டுவதா, மொத்தத்துக்கு ஒரே தடவை கணிப்பதா என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இரண்டும் சில சதம் வேறுபடும்.

சேமிக்கும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. சிறு கணக்குகளுக்குப் பலரும் எடுக்கும் எஸ்கியூலைட்டில் DECIMAL(10,2) என்று நெடுவரிசை அமைத்தாலும் அது பெயருக்குத்தான், 1275.35 உள்ளே போய் இரும மிதவையாகவே உட்காரும். அங்கே INTEGER வைத்துச் சதத்தை எழுதுங்கள். ரூபாயும் புள்ளியும் அச்சிடும்போது போட்டுக்கொள்ளலாம்.