சம்மதக் கடிதத்தில் ‘ஆனால்’ வேண்டாம்

கோவையில் கணக்காளராக வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குச் சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து ஜூன் 2 அன்று ஆஃபர் லெட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் சி.டி.சி. ஜூலை 1 அன்று சேர வேண்டும். இப்போதைய வேலையிலோ 30 நாள் நோட்டீஸ். ஜூன் 4 அன்று ராஜினாமா கொடுத்தாலும் ஜூலை 3 வரை அங்கே இருந்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘வேலையை ஏற்கிறேன், ஆனால் ஜூலை 6 அன்றுதான் சேர முடியும்’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 7-ஆவது பிரிவில், சம்மதம் முழுமையானதாகவும் நிபந்தனை இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ‘ஆனால்’ சேர்ந்த கடிதம் சம்மதம் ஆகாது. அது புதிய கோரிக்கை. அதை ஏற்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை.

ஆகவே முதலில் ஹெச்.ஆர். அலுவலரிடம் பேசித் தேதியை மாற்றிக் கேட்க வேண்டும். திருத்திய ஆஃபர் கைக்கு வந்த பிறகு சம்மதக் கடிதம். ராஜினாமா அதற்கும் பிறகுதான். வாய்வார்த்தையை நம்பி இருக்கும் வேலையை விடுவது ஆபத்து.

சம்பளத்தையும் அப்போதே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 4,80,000-ஐப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 40,000 வரும் என்று கணக்குப் போடக் கூடாது. அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால், அதில் 12 சதவீதம், அதாவது 2,400 ரூபாய், நிறுவனம் கட்டும் பி.எஃப். பணிக்கொடைக்கென்று 4.81 சதவீதம், 962 ரூபாய். பெரும்பாலும் இவை இரண்டும் சி.டி.சி.க்குள்ளேயே அடங்கியிருக்கும். மிஞ்சும் 36,638 ரூபாயில் ஊழியரின் பங்காக இன்னொரு 2,400 பிடித்தால் கைக்கு வருவது 34,238. தொழில் வரி போன்றவை இருந்தால் அதிலும் குறையும்.

எல்லாம் தெளிந்த பின் எழுதும் கடிதம் நாலு வரி போதும்:

‘ஜூன் 3 தேதியிட்ட தங்கள் திருத்திய பணி நியமனக் கடிதத்தில் கண்ட கணக்காளர் பணியை, அதன் எல்லா நிபந்தனைகளுடனும் ஏற்றுக்கொள்கிறேன். ஆண்டுச் சம்பளம் 4,80,000 ரூபாய் என்பதையும், ஜூலை 6 திங்கட்கிழமை காலை பணியில் சேர்வதையும் உறுதி செய்கிறேன். தாங்கள் கேட்ட ஆவணங்களை அன்று கொண்டு வருகிறேன்.’

கையெழுத்திட்ட ஆஃபரின் நகலையும் மின்னஞ்சலில் இணைத்து, கெடு தேதிக்குள் அனுப்ப வேண்டும்.

ஆவணங்களில் சிக்கல் வருவது ரிலீவிங் லெட்டரில்தான். சில நிறுவனங்கள் அதைக் கடைசி வேலை நாளன்றே தருவதில்லை. அது தாமதமானால், ராஜினாமா ஏற்கப்பட்டதாக வந்த மின்னஞ்சலைக் காட்டலாமா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. ஆதார், பான், மூன்று மாதப் பே ஸ்லிப், வங்கிக் கணக்கு விவரம் இவற்றோடு பழைய பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணும் தேவைப்படும். பட்டச் சான்றிதழின் அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். சரிபார்த்ததும் அசலைக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.