ஏழாம் எண் பந்து

எங்கள் பள்ளியின் விளையாட்டு அறையில் ஒவ்வொரு பந்திலும் மார்க்கரால் ஓர் எண் உண்டு. நோட்டில் அந்த எண்ணுக்கு ஒரு பக்கம்: வாங்கிய நாள், காற்றடித்த நாள், பழுது. இவ்வளவுதான் கணக்கு. ஆனால் ஏழாம் எண் கால்பந்தின் பக்கத்தைப் புரட்டியபோது, ஒரே வாரத்தில் மூன்று முறை காற்றடித்திருப்பது தெரிந்தது. நோட்டு இல்லையென்றால் யாருக்கும் உறைத்திருக்காது.

சோப்புத் தண்ணீரைத் தொட்டு வால்வின் மேல் வைத்தோம். சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. உலர்ந்த ஊசியை அழுத்திச் செருகியதில் வால்வின் ரப்பர் கிழிந்திருக்கிறது. ஊசியில் ஒரு சொட்டு கிளிசரின் தடவி, நேராக, மெல்லச் செருக வேண்டும். எச்சில் தொடுவது நல்லதல்ல, ஊசி துருப்பிடிக்கும். வால்வில் லேசான கசிவென்றால் உள்ளே கிளிசரின் விட்டாலே சில நேரம் அடைபடும். இதற்கு அடைபடவில்லை. தையல் பந்து என்பதால் செருப்புத் தைப்பவரிடம் தையலைப் பிரித்து பிளாடரை மாற்றினோம். ஒட்டுப் பந்தாக இருந்தால் அதற்கும் வழியில்லை.

காற்றை அளவுமானி பார்த்தே அடியுங்கள். கைப்பந்துக்கு 4.3 முதல் 4.6 பி.எஸ்.ஐ. போதும், கால்பந்துக்கு 8.5-க்குக் குறையக்கூடாது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கத்தில் கைப்பந்துகள்தான் அதிகம் உப்பிக் கெடுகின்றன. கோடை விடுமுறையில் தகரக் கூரையின்கீழ் வைக்க நேர்ந்தால், கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுப் பூட்டுங்கள்.