27°10′30″ என்பது 27.1030 அல்ல: டிகிரியை டெசிமலாக மாற்றுவது எப்படி?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கல்குவாரி வரப்போகிறது. சுற்றுச்சூழல் அனுமதி ஆவணத்தில் அதன் எல்லைப் புள்ளிகள் டிகிரி, நிமிடம், விநாடியாக இருக்கின்றன. உங்கள் மொபைல் ஆப் டெசிமல் எண் கேட்கிறது. குறியீடுகளை எடுத்துவிட்டு ஒரு புள்ளி வைத்தால் போதாதா?

போதாது. டிகிரியும் கடிகாரம் மாதிரிதான். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. அதாவது ஒரு டிகிரியில் 3600 விநாடிகள். ஒன்றரை மணி நேரத்தை 1.30 மணி நேரம் என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும், இல்லையா? இங்கேயும் அதே கதைதான்.

எப்படி மாற்றுவது?

எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் செய்து பார்ப்போம். தாஜ்மஹால் இருப்பது 27°10′30″ வடக்கு, 78°02′31″ கிழக்கு. நிமிடத்தை 60-ஆலும், விநாடியை 3600-ஆலும் வகுத்து, டிகிரியோடு கூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

```
27 + 10/60 + 30/3600 = 27.1750
78 +  2/60 + 31/3600 = 78.0419
```

நிறைய புள்ளிகள் இருந்தால் எக்செல்லில் மூன்றையும் தனித்தனி கட்டங்களில் போட்டு `=A2+B2/60+C2/3600` என்று கொடுங்கள்.

தப்பாகப் போட்டால்?

27.1030, 78.0231 என்று டைப் செய்தால், பின் தாஜ்மஹாலுக்கு ஏறத்தாழ 8 கி.மீ. தெற்கே போய் நிற்கும். ஆப் எந்த எச்சரிக்கையும் தராது. பின் ஆக்ரா பக்கமே இருப்பதால் நமக்கும் சந்தேகம் வராது. குவாரி விஷயத்தில் 8 கி.மீ. என்றால் வேறு கிராமமே வந்துவிடும்.

அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போட்டால் உடனே தெரிந்துவிடும்: பின் ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு தீவுகள் பக்கம் போய்விடும். பெரும்பாலான ஆப்களில் அட்சரேகைதான் முதலில் வர வேண்டும்.

மற்றவர் மாற்றிய பட்டியலைச் சோதிப்பது எப்படி?

புள்ளிக்குப் பிறகு வரும் முதல் இரண்டு இலக்கங்களையும், அடுத்த இரண்டையும் பாருங்கள். சரியாக மாற்றிய பட்டியலில் 73, 88, 95 என்றெல்லாம் கலந்து வரும். நீளமான, பல இடங்களைக் கொண்ட பட்டியலில் எங்கேயும் 59-ஐத் தாண்டவில்லை என்றால், யாரோ வகுக்காமல் புள்ளி மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

எத்தனை இலக்கம் வேண்டும்?

அட்சரேகையில் ஒரு விநாடி என்பது தரையில் சுமார் 31 மீட்டர். நான்காவது தசம இடம் சுமார் 11 மீட்டர். ஆவணத்தில் விநாடி முழு எண்ணாக இருந்தால் நான்கு இடங்களே போதும். கால்குலேட்டர் காட்டும் மீதி இலக்கங்களால் துல்லியம் கூடாது. வேலிக்கு உள்ளேயா, வெளியேயா என்ற சண்டையை இந்த எண்களை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. அதற்கு நில அளவைதான் வேண்டும்.