63-ஆம் ஸ்டால் ஏன் காலி?

தென்மாவட்ட நகரம் ஒன்றில் புத்தகக் கண்காட்சி நடக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். நகரம், ஆட்கள், கணக்கு எல்லாம் கற்பனை. ஆனால் சிக்கல் கற்பனையல்ல. 2022-க்குப் பிறகு தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் அரசு உதவியோடு இப்படிப்பட்ட கண்காட்சிகள் நடக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்றில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கதை பழக்கப்பட்டதாகவே இருக்கும்.

120 ஸ்டால்கள். ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்தடி. 20-ஆம் தேதி திறப்பு. 16-ஆம் தேதி காலையில் ஸ்டால் முகப்பில் பெயர்ப்பலகை மாட்டுகிறவர் ஒருங்கிணைப்பாளரை அழைக்கிறார்: “மேடம், பேர் லிஸ்ட் இன்னிக்கு வந்தாதான் அடிச்சு மாட்ட முடியும்.” அவர் அலுவலகக் கணினியில் இருக்கும் `Stall_Booking.xlsx` கோப்பைத் திறந்து பார்க்கிறார். சந்தேகத்துக்கு ஒருமுறை, பதிப்பகங்களோடு தொலைபேசியில் பேசிவரும் தன்னார்வலரிடமும் பட்டியலைக் கேட்கிறார். அந்தக் கல்லூரி மாணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்புக்கும் அதே பெயர்தான். 47-ஆம் ஸ்டாலில் மட்டும் வேறு பதிப்பகம் இருந்தது.

நடந்தது இதுதான். 3-ஆம் தேதி கணக்கர் ஸ்டால் பட்டியலைத் தன்னார்வலருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். “பார்த்து பதில் சொல்ல மட்டும்” என்பது அவர் நினைப்பு. மாணவரோ தொலைபேசியில் வந்த முன்பதிவுகளை அந்தக் கோப்பிலேயே எழுதிவந்தார். வங்கிக்கு வந்த பணத்தை வைத்துக் கணக்கர் தன் கோப்பில் எழுதிவந்தார். பதின்மூன்று நாள் இரண்டு பட்டியல்களும் தனித்தனியாக வளர்ந்திருக்கின்றன. இருவருமே வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்.

இப்படி ஒரு நிலையில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, “எது புதுசோ அதை வெச்சுக்குங்க” என்பது. அலுவலகக் கோப்பில் கடைசியாகச் சேமித்த நாள் 15 மாலை என்று இருந்தது. மாணவரின் கோப்பு 16 காலை என்று காட்டியது. ஆனால் அந்த 16 என்பது வாட்ஸ்அப்பிலிருந்து இறக்கிய நேரம். அவர் கடைசியாக அதில் கைவைத்தது எப்போது என்பதை அது சொல்லவில்லை. சொன்னாலும் பயனில்லை. எந்தக் கோப்பு புதியது என்ற கேள்வியே இங்கே பொருந்தாது, ஏனென்றால் இரண்டிலும் மற்றதில் இல்லாத தகவல் இருக்கிறது. ஒன்றை வைத்து மற்றதை அழித்தால் யாரோ சில பதிப்பகத்தார் 20-ஆம் தேதி காலை புத்தக மூட்டைகளோடு வந்து நின்று தங்கள் இடத்தைத் தேடுவார்கள்.

ஒருங்கிணைப்பாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். மாணவர் தன் வசதிக்காகப் பட்டியலைப் பதிப்பகப் பெயர் வரிசையில் அடுக்கியிருந்ததால் வரிக்கு வரி ஒப்பிட முடியவில்லை. ஸ்டால் எண்ணை வைத்து இரண்டையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தார். அப்போதும் 43 வரிகள் வேறுபட்டன. அவற்றில் பெரும்பகுதி வெறும் எழுத்து வேறுபாடு: ஒன்றில் “பதிப்பகம்”, மற்றதில் “பப்ளிகேஷன்ஸ்”, ஒன்றில் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. இவற்றைச் சரிசெய்ததும் மிஞ்சியவை 11 வரிகள்.

இந்தப் பதினொன்றில் இரண்டைப் பாருங்கள். 31-ஆம் ஸ்டால் அலுவலகக் கோப்பில் ஒரு பதிப்பகத்தின் பெயரில் இருக்கிறது, மாணவர் கோப்பில் காலி. 63-ஆம் ஸ்டாலும் அப்படியே: அலுவலகக் கோப்பில் பெயர் உண்டு, மாணவர் கோப்பில் காலி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பெயர் இருக்கும் பக்கத்தை நம்பி இரண்டையும் நிரப்பிவிடலாம் என்றுதான் யாருக்கும் கை போகும். அங்கேதான் தப்பு நடக்கும். ஒரு கட்டம் காலியாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, தகவல் இன்னும் வந்து சேராதது. இன்னொன்று, இருந்த தகவலை யாரோ வேண்டுமென்றே நீக்கியது. காலிக் கட்டத்தைப் பார்த்து இதில் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கண்டுபிடிக்க மூன்றாவது கோப்பு ஒன்று வேண்டும். இரண்டு பட்டியல்களும் பிரிவதற்கு முன் இருந்த மூலம். அதிர்ஷ்டவசமாக அது கணக்கரின் மின்னஞ்சலில், 3-ஆம் தேதி அனுப்பிய கடிதத்தோடு இணைப்பாக அப்படியே கிடந்தது. திறந்து பார்த்தால் மூலத்தில் 31 காலி. அப்படியானால் அலுவலகத்தில் புதிதாக முன்பதிவு வந்திருக்கிறது, மாணவருக்குத் தெரியாது. 63-இல் மூலத்திலேயே பெயர் இருக்கிறது. அப்படியானால் அலுவலகக் கோப்பில் இருப்பது யாரும் தொடாத பழைய பெயர். மாற்றியவர் மாணவர்தான். கேட்டதும் உடனே சொன்னார்: “ஆமாக்கா, அவங்க 8-ஆம் தேதி போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டாங்க. அதான் அழிச்சுட்டேன்.”

மென்பொருள் எழுதுகிறவர்கள் தினமும் செய்கிற வேலை இது. பலர் ஒரே நிரலைத் திருத்தும்போது மூலத்தையும் இரண்டு திருத்தங்களையும் சேர்த்து மூன்றாக ஒப்பிடுவார்கள். விதி எளிது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அதுவே சரி. ஒரு பக்கம் மூலத்தைப் போலவே இருந்தால், மாறிய மறு பக்கத்தை எடுத்துக்கொள். இரண்டும் மூலத்திலிருந்து வேறு வேறாக மாறியிருந்தால் மட்டுமே மனிதர் முடிவு செய்ய வேண்டும். எக்செலில் B-யில் மூலம், C-யில் அலுவலகம், D-யில் மாணவர் என்று வைத்தால் ஒரே வரி போதும்:

```
=IF(C2=D2,C2,IF(B2=C2,D2,IF(B2=D2,C2,"மோதல்")))
```

இதைப் போடுவதற்கு முன் காலிக் கட்டங்களில் எல்லாம் “காலி” என்று தட்டச்சு செய்துவிடுவது நல்லது. இல்லையென்றால் எக்செல் வெறும் கட்டத்துக்குப் பதிலாக 0 என்று எழுதிவைக்கும்.

இந்த வழியில் பதினொன்றில் ஆறு வரிகள் அலுவலகத்தில் மட்டும் மாறியவை, மூன்று வரிகள் மாணவரிடம் மட்டும் மாறியவை என்று பிரிந்தன. ஒன்பதும் கேள்வியில்லாமல் தீர்ந்தன. மிச்சம் இரண்டு: 88, 47.

88 பார்க்கத்தான் பயமுறுத்தியது. ஸ்டால் எடுத்தவர் பாக்கித் தொகையைக் கட்டியதைக் கணக்கர் பணத்துக்கான கட்டத்தில் எழுதியிருந்தார். பலகையில் வேறு பெயர் போடச் சொன்னதை மாணவர் பெயருக்கான கட்டத்தில் எழுதியிருந்தார். ஒரே வரி, ஆனால் வேறு வேறு கட்டம். இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

47 உண்மையான மோதல். இரண்டு பக்கம் திறந்த மூலை ஸ்டால் அது, எல்லோருக்கும் ஆசை. மூலத்தில் காலி. அலுவலகக் கோப்பில் ஒரு சிறுவர் நூல் பதிப்பகம், முழுத் தொகை 11-ஆம் தேதி நெஃப்ட்டில் வரவு. மாணவர் கோப்பில் ஒரு சிறிய கவிதைப் பதிப்பகம், பாதித் தொகை 9-ஆம் தேதி யு.பி.ஐ.யில். இங்கே கட்டம் கட்டமாகச் சேர்க்கும் வேலை ஆபத்தானது. ஒருவர் பெயரும் மற்றவர் பணமும் ஒரே வரியில் உட்கார்ந்துவிடும். பெயர், தொகை, ரசீது எண் மூன்றும் எப்போதும் சேர்ந்தே நகர வேண்டும்.

இதை எந்தச் சூத்திரமும் தீர்க்காது, விண்ணப்பப் படிவத்தில் இருக்கும் விதிதான் தீர்க்கும். பாதித் தொகை கணக்குக்கு வந்த நாளே முன்பதிவு நாள் என்று படிவத்தில் அச்சாகியிருந்தது. அப்படியானால் 9-ஆம் தேதிக்காரருக்கே உரிமை, பணம் உண்மையிலேயே வந்திருந்தால். மாணவர் எழுதிவைத்திருந்த 12 இலக்க யு.பி.ஐ. எண்ணை வங்கி அறிக்கையில் தேடினார்கள். இருந்தது. பதிப்பகத்தின் பெயரில் இல்லாமல் அதன் உரிமையாளரின் சொந்தப் பெயரில் வந்திருந்ததால், யாருடையது என்று தெரியாமல் கணக்கர் அதைத் தனியாக ஒதுக்கிவைத்திருந்தார். “பேரு தெரியாத வரவு இன்னும் நாலஞ்சு கிடக்குது மேடம்” என்றார். அந்த நாலைந்தையும் அன்றே யார் யாருடையது என்று விசாரித்து முடிக்கச் சொன்னார் ஒருங்கிணைப்பாளர். என்னைக் கேட்டால், முதல் நாளே அந்த வரவுகளைத் தன்னார்வலரிடம் காட்டியிருந்தால் பாதி வம்பு வந்தே இருக்காது.

முழுத் தொகையும் கட்டிவிட்ட சிறுவர் நூல் பதிப்பகத்தாருக்கு என்ன சொல்வது? அவரிடம் பேசி, வாடகை வித்தியாசத்தைத் திருப்பித் தந்து, 63-ஐக் கொடுத்தார்கள். மாணவர் அழித்ததை யாராவது மறுபடி நிரப்பியிருந்தால் கொடுக்க அந்த இடமும் இருந்திருக்காது.

வேலை முடிந்தது என்று தோன்றும் இந்தக் கட்டத்தில்தான் ஒருங்கிணைப்பாளர் இன்னொன்றையும் பார்த்தார். இரண்டு கோப்புகளிலுமே இல்லாத ஒன்றை எந்த ஒப்பீடும் காட்டாது. அதனால் புதிய பட்டியலில் வசூலான தொகையைக் கூட்டி, வங்கி வரவோடும் கையில் வாங்கிய ரொக்கத்தோடும் வைத்துப் பார்த்தார். பட்டியல் 7,080 ரூபாய் குறைந்தது. சாதாரண ஸ்டாலுக்கு வாடகை 12,000, அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 14,160. அதில் சரிபாதி 7,080. தொகையைப் பார்த்ததுமே யாரோ கொடுத்த முன்பணம் என்பது தெரிந்துவிட்டது. ரசீது புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டியதில் 12-ஆம் ஸ்டாலுக்கு ரொக்கமாக வாங்கிய ரசீது ஒன்று கிடைத்தது. நேரில் வந்தவரிடம் பணம் வாங்கி ரசீது போட்டவர் பட்டியலில் எழுத மறந்திருக்கிறார். அதையும் சேர்த்த பிறகு கூட்டுத்தொகை பொருந்தியது.

அன்று மாலையே பட்டியலை கூகுள் ஷீட்டுக்கு மாற்றினார்கள். எழுதும் அனுமதி கணக்கருக்கு மட்டும், மற்றவர்கள் பார்க்கலாம். தொலைபேசியில் வரும் மாற்றங்களை மாணவர் தனி ஒரு பக்கத்தில் தேதியோடு எழுதுவார், கணக்கர் அதைப் பார்த்துப் பட்டியலில் ஏற்றுவார். முன்பதிவை ரத்து செய்தால் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. “ரத்து, 8-ஆம் தேதி, தொலைபேசி” என்று எழுத வேண்டும். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பதை `Version history` காட்டும். ஆனால் யாராவது அதை எக்செலாக இறக்கித் தன் கணினியில் திருத்த ஆரம்பித்தால் அந்த வரலாறு அங்கேயே நின்றுவிடும். அதனால் அச்செடுக்கவோ வெளியாருக்கு அனுப்பவோ பட்டியல் தேவைப்படும்போது, திருத்த முடியாதபடி பி.டி.எஃப். ஆக மட்டும் கொடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள்.