இழை எதுவரை வருகிறது?

"ஃபைபர்" என்று சொல்லி விற்கப்படும் எல்லா இணைப்பிலும் கண்ணாடி இழை வீடு வரை வருவதில்லை. சில ஊர்களில் அது தெருமுனைக் கம்பத்துப் பெட்டியோடு முடிந்துவிடும்; அங்கிருந்து வருவது கேபிள் டிவி வயரோ லேன் வயரோதான். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் நின்றால், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. "இழை என் மோடம் வரை வருமா?" என்று முதலில் கேளுங்கள். கேபிள் என்றால் பதிவேற்ற வேகத்தையும் தனியாகக் கேளுங்கள்; அது பெரும்பாலும் குறைவு.

மொட்டைமாடி ஆன்டெனா வழியே வரும் 5ஜி இணைப்பில் ஒரே டவரைப் பலர் பகிர்கிறார்கள். அதே இணைப்புள்ள பக்கத்து வீட்டில் இரவு 9 மணிக்குச் சோதியுங்கள். பகலில் 100 எம்பிபிஎஸ் வந்தது இரவுதோறும் 20 ஆனால், பெரும்பாலும் நெரிசல்தான் காரணம். டேட்டா வரம்பு தாண்டினால் என்ன வேகம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். புதியது ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகே பழையதைத் துண்டியுங்கள்.